எட்டுப் பேரில் இரண்டு பேர்

ஜாஸ்லின் எழுதிய முதல் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. "ஒரு சிலர் சிறு தயக்கம் தெரிவித்தாலும், பங்கேற்ற அனைவரும் விடுதித் திட்டத்தை வரவேற்றனர்." எழுதும்போது அது அவளுக்கு நல்ல வாக்கியமாகத்தான் பட்டது. இந்த 'ஒரு சிலர்' இருக்கிறார்களே, அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இவர்களைப் போல வசதியானவர்கள் யாரும் இல்லை. அவர்களுக்கு எண்ணிக்கை கிடையாது, காரணம் கிடையாது. வாக்கியத்தின் முன்பாதியில் வந்து தலையைக் காட்டுவார்கள், பின்பாதியில் 'அனைவரும்' என்ற கூட்டத்துக்குள் நுழைந்து தாங்களும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் வேலை பார்த்தது ஓசூரில், சுரேந்தர் என்பவர் நடத்தும் சிறிய ஆய்வு நிறுவனத்தில். கீழே டயர் கடை, மேலே இவர்கள் ஐந்து பேர். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் ஏதாவது மாற்றம் கொண்டுவருவதற்கு முன்னால் தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லும். எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டு, பேசியதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, சுருக்கித் தருவார்கள். முப்பது பக்கப் பேச்சைப் படிக்க எந்த அதிகாரிக்கும் நேரமில்லை, எல்லாருக்கும் இரண்டு பக்கம் போதும். அந்த இரண்டு பக்கத்தைப் படித்துத்தான் முடிவு எடுப்பார்கள்.

இந்த முறை கேட்டது, கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு தொழிற்சாலை. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி பஸ் நாலு திசையிலிருந்தும் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும். புதிதாக விடுதி கட்டியாயிற்று. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதில் தங்கிக்கொண்டால் பஸ்களை நிறுத்திவிடலாம் என்பது யோசனை. தங்குவது இலவசம், சாப்பாடும் இலவசம். மனிதவளப் பிரிவு ஹரீஷ்குமார் எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார். பயிற்சி அறையில் ஒன்றரை மணி நேரம் பேச்சு, நடத்தியது ஜாஸ்லின்.

கூடவே உட்கார்ந்து குறிப்பெடுத்து, பிறகு பதிவைக் கேட்டு எழுத்தாக்கியவன் மெல்வின். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஓசூருக்கு வந்து ஆறு மாதம். பெயருக்குப் பதிலாக உட்கார்ந்த வரிசைப்படி ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று சுத்தமாக எழுதியிருந்தான். முப்பத்தோரு பக்கம். அதைப் படித்தால் விடுதிக்கு ஆதரவு பக்கத்துக்குப் பக்கம் கொட்டிக் கிடந்தது. ஜாஸ்லின் ஒரே மூச்சில் சுருக்கத்தை எழுதிவிட்டாள்.

பிறகுதான் கட்டம் போட்டாள். எட்டுப் பேருக்கு எட்டு வரிசை, கேள்விக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்தக் கேள்விக்குச் சொன்னது. சுருக்கம் எழுதுவதற்கு முன்னால் போட வேண்டிய கட்டம் அது. அவசரத்தில் எழுதி முடித்துவிட்டு, பின்னிணைப்புக்காகப் போட்டாள். சோறு வடித்த பிறகு அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரியான வேலைதான், ஆனாலும் கல் அகப்பட்டது.

முதலில் தெரிந்தது, பக்கத்துக்குப் பக்கம் கிடந்த ஆதரவில் பாதி ஒரே ஆளுடையது என்பது. இரண்டாம் எண், சக்தி. கல்லாவியிலிருந்து வருகிறவள். விடுதி வேண்டும் என்று பதினான்கு இடத்தில் சொல்லியிருந்தாள், அதில் ஒன்பது இடத்தில் "எல்லாருக்கும் இதுதான் வேணும்" என்று சேர்த்தே சொல்லியிருந்தாள். பதினான்கு முறை சொன்னாலும் கட்டத்தில் அவளுக்கு ஒரு வரிசைதான். அவளோடு இன்னும் நாலு பேர் தெளிவாக ஆதரவு. ஆக ஐந்து. ஆறாவது ஒருத்தி முதலில் சரி என்றாள், பிறகு சனிக்கிழமை வீட்டுக்கு விடுவார்களா என்று கேட்டாள், விட்டால்தான் வருவேன் என்றாள்.

ஏழாவது பிரவீனா. வேறொரு கம்பெனி விடுதியில் இரண்டு வருடம் இருந்தவள். ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், இனி எந்த விடுதிக்கும் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அடுத்த வரியிலேயே சக்தி சிரித்துக்கொண்டு, அப்படியானால் வேலையும் வேண்டாமென்று சொல்லிவிடு என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு பதினெட்டுப் பக்கங்களில் பிரவீனா வாயே திறக்கவில்லை. ஜாஸ்லின் 'சிறு தயக்கம்' என்று எழுதியது இதைத்தான். அதை இப்போது படிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மிச்சமிருந்த எட்டாவது ஆளின் கட்டம் காலியாக இருந்தது. ஐந்தாம் எண் மாரம்மா, பாகலூர்ப் பக்கம், வயது முப்பத்தெட்டு. விடுதி பற்றிய பகுதியில் அவளுக்கு இருந்ததெல்லாம் இரண்டு இடத்தில் மெல்வின் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த 'பக்கத்துப் பேச்சு' என்ற குறிப்பு மட்டும்தான். கடைசியில் ஜாஸ்லின், "அப்ப எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டதும், 'அனைவரும் தலையசைப்பு' என்று இருந்தது.

மெல்வினைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. "அந்த அக்கா கன்னடத்துல பேசினாங்க. எனக்குப் புரியல. பக்கத்துல இருந்தவங்ககிட்டதான மெதுவா சொல்றாங்க, முக்கியமா இருக்காதுன்னு விட்டுட்டேன்" என்றான்.

ஓசூரில் இது ஒரு வழக்கம். சபையில் பேசத் தமிழ், மனசில் உள்ளதைப் பக்கத்து ஆளிடம் சொல்லக் கன்னடமோ தெலுங்கோ. கூட்டம் நடத்தத் தெரிந்தவர்கள் முதலில் காது கொடுக்க வேண்டியதே அந்தப் பக்கத்துப் பேச்சுக்குத்தான். மெல்வின் வெளியூர், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஜாஸ்லின் மத்திகிரியில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அன்று அவள் சக்தியின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, சக்தி சொல்வதை ரசித்துக்கொண்டிருந்தாள்.

காதில் ஹெட்போனை மாட்டிப் பதிவைத் தள்ளித் தள்ளிக் கேட்டாள். சக்தியின் குரலுக்கு அடியில் மாரம்மாவின் குரல் கிடந்தது. "பஸ் நிந்தோத்ரெ நானு கெல்ஸ பிட்பேக்கு." பஸ் நின்றுபோனால் நான் வேலையை விட வேண்டியதுதான் என்று அர்த்தம். இரண்டாவது இடத்தில், ராத்திரி மகளைத் தனியாக விட முடியாது, அவளுக்கு வலிப்பு வரும் என்றாள். தலையசைத்த 'அனைவரில்' ஒருத்திக்கு வேலை போகப் போகிறது, அதற்குச் சம்மதம் என்று ஜாஸ்லினே கையெழுத்துப் போட்டு அனுப்ப இருந்தாள்.

தன்மேலேயே வந்த கோபத்தோடு உட்கார்ந்து இரண்டாவது சுருக்கத்தை எழுதினாள். முதல் பக்கம் முழுக்க மாரம்மாவும் பிரவீனாவும். விடுதியை வரவேற்றவர்கள் இரண்டாம் பக்கக் கடைசியில் மூன்று வரி. சுரேந்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சாதாரணமாகக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார்.

"முதல்ல எழுதினதுல ரெண்டு பேரைக் காணோம். இப்ப ஆறு பேரைக் காணோம்" என்றார். "கல்லாவிக்காரி எதுக்கு விடுதி கேக்குறான்னு இதுல எங்க இருக்கு?"

ஜாஸ்லினுக்கு ரோஷம் வந்தது, ஆனால் மனிதர் சொன்னது சரி. சக்தி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் தூங்கி வழிந்து, கழுத்து வலியோடு வந்து இறங்குகிறவள். விடுதி வந்தால் நாலு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று அவள் சொன்னபோது இரண்டு பெண்கள் அழுதிருக்கிறார்கள். அதிகம் பேசினாள் என்பதற்காக அவள் பேசியது பொய்யாகிவிடுமா? அவளை வில்லியாக்கிவிட்டு மாரம்மாவைக் காப்பாற்றலாம் என்று நினைத்தது இன்னொரு ஏமாற்று வேலை.

மூன்றாவது முறை நிதானமாக எழுதினாள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடது பக்கம் பொதுவான கருத்து, அதன் காரணங்களோடு. நேர் எதிரே வலது பக்கம், அதே எழுத்தளவில், ஒத்துப்போகாத கருத்து. எட்டுப் பேரில் ஐந்து பேர் ஆதரவு, ஒருவர் நிபந்தனையோடு, இருவர் எதிர்ப்பு. அந்த இருவருக்கும் காரணம் வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழைக்கவில்லை. ஒருவர் எதிர்த்ததும் கேலி செய்யப்பட்டார், பிறகு பேசவில்லை என்றும் எழுதினாள். கடைசியில் தலையசைத்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, அப்படிக் கேட்டது நடத்தியவரின் பிழை என்றும் எழுதினாள். தன் பிழையைத் தானே டைப் அடிப்பது சுகமான காரியம் இல்லை. எட்டுப் பேர் சொன்னதை வைத்து மொத்தத் தொழிற்சாலைக்கும் சதவீதம் போடக்கூடாது என்று அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தாள்.

ஆனால் மாரம்மாவின் காரணத்தில் கை நின்றது. எண்ணை எடுத்துவிடலாம், பாகலூரை எடுத்துவிடலாம், கன்னடத்தையும் எடுத்துவிடலாம். வலிப்பு வரும் மகள் என்று எழுதினால்? எட்டுப் பேரை அனுப்பியதே ஹரீஷ்குமார், விசாரித்தால் அரை நாளில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எழுதாமல் விட்டாலோ, அது மறுபடியும் வெறும் 'சிறு தயக்கம்' ஆகிவிடும்.

போனில் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாகலூருக்கே போனாள். மாரம்மா வீட்டில் வைத்துப் பேசவில்லை, வெளியே தக்காளித் தோட்டத்து வரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகளுக்குப் பதினைந்து வயது. மாத்திரையைக் காலையிலும் ராத்திரியிலும் நேரம் தவறாமல் இவள் கையால் கொடுக்க வேண்டும், மறந்தால் அன்று ராத்திரியே வந்துவிடும். கணவன் லாரியில் போகிறவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஷிப்டு நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது, கம்பெனி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. கம்பெனியில் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தவிர யாருக்கும் இது தெரியாது, ஊரிலும் ஒரு சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் பாக்கணும் மேடம். வலிப்புன்னு எழுத்துல வந்துட்டா யாரு வருவாங்க" என்றாள் மாரம்மா.

அப்படியானால் இந்தக் கருத்தையே எடுத்துவிடட்டுமா என்று ஜாஸ்லின் கேட்டாள். எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது.

மாரம்மா வேண்டாமென்று கையை ஆட்டினாள். "எடுத்துட்டா பஸ்ஸ நிறுத்திடுவாங்கல்ல" என்றாள். "நான்னு தெரியக்கூடாது. என் மகள்னு தெரியக்கூடாது. ஆனா சொன்னது இருக்கணும். அப்பிடி எழுத முடியுமாங்க?"

முடியும் என்று ஜாஸ்லின் சொல்லிவிட்டாள். எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது. திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் வீட்டில் இவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய யாராவது இருந்தார்கள், மாமியாரோ கைக்குழந்தையோ. அறிமுகப் பேச்சில் அவர்களே சொன்னதுதான். ஆகவே இப்படி எழுதினாள்: "வீட்டில் உள்ள ஒருவரைத் தினமும் இரவில் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் விடுதியில் தங்கவே முடியாது என்றும், பஸ் நின்றால் வேலையை விட வேண்டியிருக்கும் என்றும் ஒருவர் கூறினார்." பொய் ஒன்றும் இல்லை, குறைத்ததும் இல்லை, ஆளும் தெரியாது. மாரம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். அவள் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றாள்.

தொழிற்சாலையில் அறிக்கை கொடுத்த அன்று ஹரீஷ்குமார் வலது பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். கெட்டவர் இல்லை. விடுதி கட்டி முடித்துத் திறப்பு நாளும் குறித்தாகிவிட்ட மனிதர், அவ்வளவுதான். அந்த இருவர் யார் என்று நயமாகக் கேட்டார். ஜாஸ்லின் சொல்ல முடியாது என்றாள். அவர்கள் பிரச்சினையைத் தீர்த்துவைக்கத்தான் கேட்கிறேன் என்றார். அதற்கும் முடியாது என்றாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டுப் பேர் கதை எதற்கு, பஸ்ஸில் வரும் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் நானே கேட்டுவிடுகிறேன் என்றார்.

கேட்கவும் செய்தார். இரண்டே நாளில் படிவம் அடித்து, சூப்பர்வைசர்கள் கையில் கொடுத்து, வேலை நடக்கிற லைனிலேயே நிரப்பி வாங்கிவிட்டார். மேலே பணியாளர் எண், கீழே ஒரே கேள்வி: விடுதிக்குச் சம்மதமா? நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சம்மதம். ஒரு படிவம்கூட மாறவில்லை.

அடுத்த வாரம் மொத்தத் தொழிற்சாலைக்கும் பொறுப்பான பிளான்ட் ஹெட் முன்னால் கூட்டம். மைசூர்க்காரர், அதிகம் பேசாதவர். ஹரீஷ்குமார் படிவக் கட்டை மேசைமேல் வைத்தார். அந்தக் கட்டில் மாரம்மாவின் படிவமும் இருக்கிறது, அதிலும் சம்மதம் என்றுதான் இருக்கிறது. வேலையை விட வேண்டியவளே தன் எண்ணைப் போட்டுச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் ஜாஸ்லினால் முடியவில்லை. சூப்பர்வைசர் தலைமாட்டில் நிற்கும்போது வேறு எதை எழுதுவாள்.

பிளான்ட் ஹெட் கட்டையும் பார்த்தார், பக்கத்தில் கிடந்த இரண்டு பக்க அறிக்கையையும் பார்த்தார். வலது பக்கத்தில் விரலை வைத்தார்.

"எட்டுப் பேர்ல ரெண்டு பேர் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க. நானூறு பேர்ல ஒருத்தர்கூட சொல்லலையா?" என்றார். "அந்த எட்டுப் பேரும் இந்தக் கட்டுக்குள்ளதான இருக்காங்க. அவங்க ரெண்டு பேரும் எங்க போனாங்க?"

அறிக்கையில் அந்த இருவரும் இல்லாமல், ஜாஸ்லின் முதலில் எழுதியபடி அனைவரும் வரவேற்றிருந்தால், இந்தக் கட்டும் அதுவும் ஒன்றையொன்று மெச்சிக்கொண்டு அன்றைக்கே பஸ்ஸை நிறுத்தியிருக்கும்.

மறுபடி கேளுங்கள் என்றார் பிளான்ட் ஹெட். இந்த முறை சுரேந்தர் ஆட்கள் கேட்கட்டும், எண் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். எந்தப் பக்கத்துப் பஸ் என்பதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி குறித்த நாளில் திறக்கட்டும். ஒரு பக்கத்தில் இருபது பேராவது பஸ் இல்லாவிட்டால் வர முடியாது என்றால் அந்தப் பஸ் ஓடும். இருபதுக்குக் குறைந்தால் நிற்கும்.

கேன்டீன் பக்கத்தில் தடுப்பு வைத்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் படிவம் அடித்துப் பெட்டி வைத்தார்கள். எழுத்து எதுவும் வேண்டாம், டிக் அடித்தால் போதும். சூப்பர்வைசர்களைக் கேன்டீன் வாசலோடு நிறுத்தினாள் ஜாஸ்லின். ஒருவர் முறைத்தார், அவளும் முறைத்தாள். சக்தி வந்து டிக் அடித்துவிட்டு, விடுதி வந்துவிடும்தானே என்று கேட்டுவிட்டுப் போனாள். மாரம்மா எப்போது வந்தாள், எப்போது போனாள் என்பதைப் பார்க்கக்கூடாது என்று ஜாஸ்லின் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் பெட்டியைத் திறந்து, மெல்வினும் அவளும் பஸ் வரும் பக்கவாரியாகப் பிரித்தார்கள். சக்தி வருகிற ஊத்தங்கரைப் பக்கம் பெரும்பாலும் சம்மதம், 'வர முடியாது' நாலே நாலு. அந்த நாலு பேரை நினைத்து மனசு சங்கடப்பட்டது. அவர்களையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். பாகலூர்ப் பக்கத்து 'வர முடியாது' படிவங்களை அவளே எண்ணினாள். பத்து வந்தது, பதினைந்து வந்தது. பதினெட்டில் இரண்டு படிவம் ஒட்டிக்கொண்டிருந்தன, நகத்தால் பிரித்தாள். மெல்வின் தன் வேலையை விட்டுவிட்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது, இருபது. அதற்கு மேலும் இருந்தது. இருபத்து மூன்றில் முடிந்தது.

இன்னொரு முறை எண்ணினாள், அதேதான். இருபத்து மூன்று படிவங்களையும் மேசைமேல் பரப்பி வைத்தாள். கன்னடப் படிவம் மட்டும் பதினொன்று இருந்தது, எல்லாவற்றிலும் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி டிக். இதில் மாரம்மாவுடையது எது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்தாள். அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.